இரண்டாவது இருபதாயிரம்

முப்பது மெஷின் ஒன்றாக ஓடுகிற கூடத்தில், கத்தாமல் பேசியே கடைசி மெஷின்காரிக்குக் கேட்க வைக்கத் தெரிந்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் என் அண்ணி. மற்ற லைன் சூப்பர்வைசர்கள் எல்லாம் மத்தியானத்துக்குள் தொண்டை கட்டி, வெந்நீருக்கு அலைவார்கள். அண்ணி மெஷினுக்கு மெஷின் போய்க் குனிந்து, காதுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்வாள். திட்டாக இருந்தாலும் அப்படித்தான். திட்டு வாங்கியவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கட்டினவன் சரியில்லை என்று தெரிந்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். நாத்தனார் வந்து உட்கார்ந்துவிட்டாளே என்று அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வந்த வாரமே என்னைத் தன் லைனில் சட்டைக் கை தைக்கிற மெஷினில் உட்கார வைத்தாள். "அழறதுனா அழு. ஆனா பெடல்ல இருந்து காலை எடுக்காத" என்றாள். அதனால் இந்தக் கதையை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணி அந்தக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற ஹெல்பராகச் சேர்ந்தவள். அப்புறம் டைலர். அப்புறம் காலர். சட்டையில் காலர் தைக்கிறவளுக்குத்தான் மதிப்பு. கடைசியில் லைன் சூப்பர்வைசர். இதற்கிடையே அம்மா அப்பா இல்லாத தம்பி ஒருவனைப் படிக்க வைத்தாள். கல்யாணத்துக்கு முன்பே என் அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டாளாம்: "நான் வந்தா என் தம்பியும் வருவான்." அண்ணன் நல்ல மனுஷன், தலையாட்டிவிட்டான். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான் என்பது வேறு விஷயம்.

தம்பி கணக்குப் பாடம் படித்தான். படித்து முடித்ததும் அண்ணியே முதலாளியிடம் போய் நின்றாள். காஸ்டிங் பிரிவில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரு சட்டைக்குத் துணி எவ்வளவு, நூல் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று போட்டு, வாங்குகிற பையருக்கு விலை சொல்வதுதான் அங்கே வேலை. சேர்ந்த அன்றைக்கு முதலாளி சிரித்துக்கொண்டே, "இனிமே உங்க தம்பிய சார்னு கூப்பிடணும்மா, ஆபீஸ் ஆளு" என்றார். அண்ணி பட்டென்று, "நான் மூக்கு துடைச்சு விட்ட பயல சாரா? போங்க சார்" என்றாள். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அதிலிருந்து கூடத்தில் எல்லார் முன்னாலும் அவள் அவனை "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். அவன் கழுத்தில் அடையாள அட்டை ஆட, "என்னக்கா" என்று ஓடி வருவான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முறைக்கு அவனை நான் கேலி பேசலாம் என்பதால், "ஆபீசர் நடக்கிறாரு, வழி விடுங்கடி" என்று நானும் என் பங்குக்கு விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சட்டையைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான்.

அண்ணி தட்டைத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டன் வெளியே தெரியாமல் மறைக்கிற பட்டி. கையின் நுனியில் கூர் முனை வைத்த கஃப். முதுகில் வளைந்த ஒட்டு. எங்கள் லைன் அதுவரை தைத்ததெல்லாம் நேர்க்கோட்டுச் சட்டைகள்.

"இருபதாயிரம் பீஸுக்கா. ஆர்டர் கையில இருக்கு. ஆனா முதலாளி பயப்படறாரு."

"பயப்படத்தான் செய்யணும். இத எவன்டா வரைஞ்சான், பிசாசு."

"முதல்ல ரொம்ப மெதுவா போகும். நாள் சம்பளத்துல விட்டா கம்பெனி தாங்காதுங்கறாரு. அதனால இந்த ஆர்டருக்கு மட்டும் பீஸ் ரேட். ஒரு சட்டைக்கு லைன் மொத்தத்துக்கும் சேர்த்து, ஒரு ஆளோட அரைமணி நேரக் கூலி."

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு சட்டை முப்பது பேர் கையில் போய் வருகிறது. ஒவ்வொருத்தியும் அதில் செலவழிக்கிற நேரத்தையெல்லாம் கூட்டினால்தான் சட்டையின் நேரம். அந்த நேரம் அரைமணியாக இருந்தால், பீஸ் ரேட்டில் எங்களுக்கு வருவது வழக்கமான நாள் சம்பளத்துக்குச் சரியாக இருக்கும். அதைவிட மெதுவாகப் போனால் எங்களுக்கு நஷ்டம். வேகமாகப் போனால் எங்களுக்கு லாபம். நாள் சம்பளம் என்றால் நேர்மாறு. மெதுவாகப் போனால் கம்பெனிக்கு நஷ்டம், வேகமாகப் போனால் கம்பெனிக்கு லாபம்.

"இது அரைமணியில முடியாதுடா" என்றாள் அண்ணி. "ஆரம்பத்துல ஒரு மணி நேரம் கிட்ட இழுக்கும். பொண்ணுங்க வயித்துல ஈரத்துணியா?"

அவன் மேசையில் சிந்திய தண்ணீரில் விரலைத் தொட்டு, ஒரு வளைந்த கோடு போட்டான். மேலிருந்து சரசரவென இறங்கி, போகப் போகப் படுக்கிற கோடு.

"கை பழகப் பழக நேரம் இறங்கும்கா. அதுல ஒரு ஒழுங்கு இருக்கு. மொத்தம் தைச்சது ரெட்டிப்பாகும்போதெல்லாம், அதுவரைக்கும் தைச்ச எல்லாத்தோட சராசரி அஞ்சுல ஒரு பங்கு குறையும்னு வச்சுக்க. முதல் அஞ்சாயிரத்துக்கு சராசரி அம்பது நிமிஷம்னா, பத்தாயிரம் முடியறப்ப சராசரி நாப்பது. இருபதாயிரம் முடியறப்ப முப்பத்திரெண்டு."

"முப்பத்திரெண்டுன்னா அப்பவும் அரைமணிக்கு மேலதானே? முழு ஆர்டரையும் தைச்சுட்டு நஷ்டத்தோட எந்திரிக்கணுமா?"

"அங்கதான் விஷயமே. இந்த பையர் சட்டை நல்லா இருந்தா மறுபடியும் இருபதாயிரம் கேப்பான். இப்பவே பேசி வச்சிருக்கான். அந்த ரெண்டாவது இருபதாயிரம் தைக்கும்போது உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிற?"

"இருபத்தஞ்சு?"

"மொத்தம் நாப்பதாயிரத்துக்கு சராசரிதான் இருபத்தஞ்சரை. அதுல முதல் பாதி முப்பத்திரெண்டை முழுங்கிடுச்சு இல்ல? அப்ப ரெண்டாவது பாதிக்குத் தனியா பத்தொம்பது நிமிஷம்தான் வரும். அரைமணிக் கூலி வாங்கிக்கிட்டு பத்தொம்பது நிமிஷத்துல சட்டை. ஒன்றரை மடங்கு சம்பளம்கா! ஆனா லைன் கலையாம, நடுவுல ரொம்ப இடைவெளி விடாம, அதே ஆளுங்க அதே மெஷின்ல இருக்கணும். கை மறந்துச்சுன்னா கோடு மறுபடி மேல ஏறிடும்."

"ரிப்பீட்டுக்கும் இதே ரேட்டு தருவாங்களா?"

"நான் இருக்கேன்ல."

அண்ணி அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அவன் சொன்னால் போதும்.

மறுநாள் வேலை தொடங்குமுன், மெஷினை ஓட்ட வேண்டாம் என்று சொல்லி எல்லாரிடமும் பேசினாள். காலர்க்காரி, வேலை செய்யும்போது சதா ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள் என்பதால் எங்களுக்குப் பாட்டுக்காரி, அவள்தான் முதலில் எழுந்து கேட்டாள்.

"கத்துக்கிற வரைக்கும் நஷ்டம் எங்க தலையில. கத்துக்கிட்டப்புறம் ரேட்டைக் குறைச்சா?"

"குறைக்க மாட்டாங்க. ரிப்பீட்டுக்கும் இதே ரேட்டு. இது என் வாக்கு."

"உங்க வாக்குதான், கம்பெனி வாக்கு இல்லையே."

"என் வாக்கு போதாதா உனக்கு?"

பாட்டுக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "போதும்க்கா" என்று உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் தலையைக் குனிந்து நூல் கோர்க்க ஆரம்பித்தார்கள். அண்ணியின் சொல்லை நம்பித்தான் முப்பது பேரும் சம்மதித்தோம். காகிதமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

முதல் வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. மறைவுப் பட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கஃப் முனை மூக்கு உடைந்த மாதிரி மொண்ணையாக வரும். பிரித்துத் தைத்தது பாதி. நாளுக்கு முந்நூறு சட்டைகூடத் தேறவில்லை. சம்பள நாளில் கையில் வந்தது வழக்கமானதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒருத்தி வீட்டில் மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் கழிவறையில் நின்று அழுதாள். எல்லாரும் அண்ணியைத்தான் பார்ப்பார்கள். அவள் குனிந்து ஒவ்வொரு காதிலும் ஒன்றையே சொல்வாள்: "பொறுத்துக்கோ. ரிப்பீட் வரட்டும்."

அப்புறம் கை திரும்ப ஆரம்பித்தது. எங்கே, எப்போது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் நான் கையைப் பார்க்காமலே கை தைத்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்காரி ஒரு வேலை செய்தாள். காலர் முனையைத் திருப்பக் குச்சியால் குத்துவதை விட்டுவிட்டு, தைக்கும்போதே முனையில் ஒரு துண்டு நூலை உள்ளே வைத்துத் தைத்தாள். திருப்பிய பிறகு நூலைப் பிடித்து ஒரு இழுப்பு. முனை ஊசி மாதிரி வந்து நின்றது. அதைப் பார்த்துக் கஃப்காரியும் பிடித்துக்கொண்டாள். அண்ணி தன் பங்குக்கு, பாக்கெட்டுக்கு முன்னால் பட்டியைத் தைக்கச் சொல்லி மெஷின்களை இடம் மாற்றிப் போட்டாள். தைக்க வேண்டிய துணிக் கட்டுகளை வலது பக்கம் வைப்பதற்குப் பதில் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தோம். கை போய் வருகிற தூரம் ஒரு சாண் குறைந்தது. ஒரு சாண்தான், ஆனால் ஆயிரம் தடவை.

இதையெல்லாம் அண்ணி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் தம்பியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். நூல் இழுக்கிற வித்தையை மேசைத் துணியின் முனையில் செய்தே காட்டினாள். அவன் வாயைப் பிளந்து கேட்டான். "சூப்பர்கா, சூப்பர்கா" என்றான். எந்த மெஷினில் வேகம் கூடியது, யார் இன்னும் மெதுவாக இருக்கிறார்கள், இனியும் எவ்வளவு இறங்கும், எல்லாம் கேட்டான். அக்கா வேலையில் தம்பிக்கு எவ்வளவு அக்கறை என்று நானும் பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

கடைசி வாரம் நாளுக்கு அறுநூற்றைம்பதைத் தாண்டிப் போட்டோம். அந்த வாரம் மட்டும் பீஸ் ரேட்டில் எங்கள் கையில் வந்தது நாள் சம்பளத்தைவிட அதிகம். முதன்முதலாக. ஆரம்பத்தில் விட்டதை அது ஈடுகட்டவில்லை, மொத்த ஆர்டரையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனாலும் யாருக்கும் வருத்தமில்லை. மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பாட்டுக்காரி சத்தமாகவே பாடினாள். நான் ஒரு ஃபேன் வாங்குவதாக முடிவு செய்து, எந்தச் சுவரில் மாட்டலாம் என்று அண்ணனிடம் கேட்டேன். நான் எந்தச் சுவரைக் காட்டினாலும் அவன் தலையாட்டினான்.

ரிப்பீட் ஆர்டர் உறுதியாயிற்று. இருபதாயிரம். துணி வந்து இறங்கியது. இடைவெளியே இல்லை, வெள்ளிக்கிழமை பழைய ஆர்டரின் கடைசிப் பெட்டி போனது, திங்கட்கிழமை புது ஆர்டரின் முதல் கட்டு வந்தது. அதே சட்டை. அதே லைன். அண்ணி அன்றைக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

பத்து மணிக்குத் தம்பி கூடத்துக்கு வந்தான். அண்ணியின் பக்கத்தில் வரவில்லை. மேசை பக்கத்தில் நின்று, மெஷின்களை நிறுத்தச் சொன்னான். அவன் குரல் கடைசி மெஷினுக்கு எட்டாது என்பதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"இந்த ஆர்டருக்கு நாள் சம்பளம். வழக்கமான சம்பளம்தான், ஒரு பைசா குறையாது. டார்கெட் ஒரு நாளைக்கு எழுநூத்தி அம்பது."

எனக்கு முதலில் புரியவே இல்லை. சம்பளம் குறையவில்லையே, என்ன சொல்கிறான் என்று பார்த்தேன். பாட்டுக்காரிக்கு உடனே புரிந்தது.

"எழுநூத்தி அம்பதுன்னா சட்டைக்கு எத்தனை நிமிஷம் சார்?"

அவன் தயங்கினான். "பத்தொம்பது."

"பீஸ் ரேட்டா இருந்தா எங்களுக்கு ஒன்றரை மடங்கு வந்திருக்கும். இப்ப அதே வேகத்துல தைச்சா பழைய சம்பளம். மெதுவா இருந்தப்ப பீஸ் ரேட்டு, வேகமானதும் நாள் சம்பளம். அப்படித்தானே?"

"பையர் விலையைக் குறைச்சுட்டான். ரிப்பீட்டுக்கு நேரம் குறையும்னு அவனுக்கும் தெரியும். பீஸ் ரேட்டுல நீங்க எவ்வளவு வேகமா தைச்சாலும் கம்பெனிக்குச் சட்டைக்கு ஆகிற கூலி குறையாது. நாள் சம்பளத்துலதான் குறையும். வேற வழி இல்ல."

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மேசைத் தண்ணீரில் அவன் போட்ட அதே கோடு. நாங்கள் அதில் ஏறி இறங்கி முடித்த பிறகு கோட்டை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பாட்டுக்காரி அவனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள். முப்பது பேரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி தம்பியைப் பார்த்தாள். அவன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்" என்றாள் அண்ணி. மெதுவாகத்தான். "அதே ரேட்டுக்கு நான் இருக்கேன்னு சொன்னியே."

"ரேட்டு மாறலக்கா. முறைதான் மாறியிருக்கு" என்றான்.

அண்ணி நேராக முதலாளி அறைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். எனக்கு அங்கே வேலை இல்லைதான், இருந்தாலும் ஓடினேன். அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தம்பி பாவம், மேலே இருந்து நெருக்கியிருப்பார்கள், முதலாளியிடம் பேசினால் சரியாகிவிடும். அவனுக்காகவும் சேர்த்துச் சண்டை போடத்தான் போனாள்.

முதலாளி கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார். அண்ணி உட்காரவில்லை.

"வாக்குக் கொடுத்திருக்கேன் சார். அதே ரேட்டுன்னு."

"யாருக்கும்மா? யாரு உங்கள வாக்குக் கொடுக்கச் சொன்னது?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இது ஆரம்பத்துலயே போட்ட திட்டம்தானே. முதல் ஆர்டர் பீஸ் ரேட்டு, ரிப்பீட் நாள் சம்பளம். ரெண்டு ஆர்டருக்கும் சேர்த்துதான் பையருக்கு விலையே சொன்னோம். நான் முதல் ஆர்டரையே வேணாம்னு இருந்தேன். உங்க தம்பிதான் வழி சொன்னான். நல்ல மூளைம்மா. நீங்கதான் வீட்டுல லைன் விஷயமெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்கன்னு பெருமையா சொன்னான்."

அண்ணியின் முகத்தை நான் பார்த்தேன். திட்டு வாங்கியவள் முகம் போல இல்லை. வழி தவறி வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவள் முகம். "ஆரம்பத்துலயேவா" என்று மட்டும் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அதாவது அந்த ஞாயிற்றுக்கிழமை, என் அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே, "நான் இருக்கேன்ல" என்று அவன் சொன்னபோதே, அவளைத் தூண்டிலாக முப்பது பேர் முன்னால் போட முடிவு செய்துவிட்டிருந்தான். நான் வாசலில் நின்றபடி முதலாளி கேட்கும்படியே அவனை ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். இங்கே எழுத மாட்டேன்.

திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்று, என்ன நடந்தது என்று அண்ணி சொன்னாள். தனக்குத் தெரியாது என்றாள்.

பாட்டுக்காரி பையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே பேசினாள். "உங்க வாக்கு போதும்னு சொன்னேன்க்கா. கம்பெனி சொல்லியிருந்தா நான் நம்பியே இருக்க மாட்டேன்."

இதைவிட அவள் அண்ணியை அடித்திருக்கலாம். கஃப்காரியும் பட்டிக்காரியும் அவள் பின்னாலேயே போனார்கள். இதே நாள் சம்பளம் எந்தக் கம்பெனியிலும் கிடைக்கும், இங்கே மட்டும் எதற்கு ஓடி ஓடித் தைக்க வேண்டும்? வார முடிவில் பத்துப் பேர் இல்லை. நானும் போனேன். அண்ணி கடைசியாக, இருக்கிறவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். இப்போது கடைத்தெருவில் ஒரு சின்னக் கடையில், அளவு பெரிதான துணிகளைக் குறைத்துத் தைக்கிறாள்; பக்கத்து மெஷினில் நான். ஒரு நாள் பாட்டுக்காரி அந்தக் கடை வழியாகப் போனாள். அண்ணி எழுந்து நின்றாள். பாட்டுக்காரி தெருவின் அந்தப் பக்கமாகப் போய்விட்டாள். அன்றைக்கு அண்ணி அழுதாள். எனக்குக் கேட்க வேண்டாம் என்று மெஷினை ஓட்டிக்கொண்டே அழுதாள். எனக்குக் கேட்டது.

கம்பெனியில் அப்புறம் நடந்ததை அங்கே இருக்கிற ஒருத்தி சொன்னாள். போன பத்துப் பேருக்குப் பதில் புதுப் பிள்ளைகளைப் போட்டார்கள். காலர் வராவிட்டால் காலரை ஒட்டுகிறவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும். முனையைக் குச்சியால் குத்திக் கிழித்தார்களாம். நாளுக்கு எழுநூற்றைம்பது கேட்ட இடத்தில் முந்நூற்றுச் சொச்சம் வந்தது. இந்தத் தடவை நாள் சம்பளம் அல்லவா? சும்மா உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் ஓடும். சட்டைக்குக் கூலி தம்பி கணக்குப் போட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. பையருக்குச் சொன்ன விலையை இனி ஏற்ற முடியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அண்ணிதான், "புதுப் பிள்ளைங்க என்ன பண்ணும், பாவம்" என்றாள்.

இதைக் கேள்விப்பட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். பல வாரம் கழித்து. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்கும், தெரியவும் தெரியும். அண்ணன் வழக்கம் போலத் தலையாட்டி, "வாப்பா" என்றான். அண்ணி தட்டு வைத்தாள். பரிமாறினாள்.

அவன் பாதி சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தான்.

"அக்கா, தப்பு நடந்துடுச்சு. முதலாளிகிட்ட பேசிட்டேன். பீஸ் ரேட்டுக்கே திரும்பிடலாம்னு சொல்லிட்டாரு. பழைய அதே ரேட்டு."

என் கையில் இருந்த கரண்டி நின்றது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நானும் நம்பினேன். பயலுக்குப் புத்தி வந்துவிட்டது, பாட்டுக்காரி வீட்டுக்கு இப்போதே ஓடலாம் என்று நினைத்தேன். அண்ணியின் கண்ணிலும் ஏதோ அசைந்தது.

"போனவங்களைக் கூப்பிடப் போறியாடா?"

"அவங்க வர மாட்டாங்கக்கா, கேட்டுப் பாத்தாச்சு. இப்ப இருக்கிற புதுப் பிள்ளைங்களுக்குத்தான். ரொம்ப மெதுவா போடறாங்க, நாள் சம்பளம் கட்டுப்படியாகல. பீஸ் ரேட்டுன்னா அவங்க பயப்படறாங்க. நீ ஒரு நாள் வந்து நின்னு சொன்னா போதும். நீ சொன்னா யாரும் நம்புவாங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, கை பழகிட்டா அள்ளலாம்னு சொல்லு."

"கை பழகினப்புறம்?"

அவன் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தான். "அது அப்பப் பாத்துக்கலாம்கா."

அண்ணி எழுந்தாள். அவன் தட்டின் பக்கத்தில் கை துடைக்கத் துணியை எடுத்து வைத்தாள்.

"சாப்பிட்டு முடிச்சுட்டுப் போங்க சார்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "என்னக்கா இது."

"நாளைக்கு என்னால வர முடியாது சார். கடையில வேலை இருக்கு."

அண்ணன் முதல் தடவையாகத் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தான். தம்பி தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். வாசல் வரை போனான், செருப்பை மாட்டினான், திரும்பவும் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கலங்கித்தான் இருந்தது.

"அக்கா. திட்டணும்னா திட்டு. ஒரு தடவை டேய்னு கூப்பிட்டுத் திட்டுக்கா."

அண்ணி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆபீஸ் ஆள அப்படிக் கூப்பிடலாமா சார்?" என்றாள். கத்தவில்லை. அவள் எப்போதும் கத்த மாட்டாள். கதவை மூடிவிட்டு வந்து, அவன் சாப்பிடாமல் வைத்த பாதியைக் கொட்டுவதற்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்தாள்.